ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்: ப்ரொபேஷன், நோட்டீஸ், நான்-கம்பீட், பாண்டு

முதல் வேலைக்கான கடிதம் வந்ததும் எல்லோரும் சம்பளப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். அந்த வேலையிலிருந்து என்றைக்கு வெளியே வரலாம், அன்றைக்குக் கையிலிருந்து எவ்வளவு போகும், அதை யார் முடிவு செய்வார்கள் என்பதெல்லாம் வேறு பக்கங்களில் இருக்கும். தகுதிகாண் காலமான ப்ரொபேஷன், விலகும் முன் தர வேண்டிய அவகாசமான நோட்டீஸ் பீரியட், போட்டி நிறுவனத்தில் சேரத் தடை போடும் நான்-கம்பீட், இத்தனை மாதம் வேலை செய்வேன் என்ற உறுதியான சர்வீஸ் பாண்டு என நான்கு தலைப்புகளில் அது பிரிந்து கிடக்கும். தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் சாதாரணமாகத் தெரியும். நான்கையும் ஒரே தேதியில் வைத்துப் படித்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

சென்னையிலோ கோவையிலோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவருக்கு வரும் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இது ஒரு மாதிரிக் கடிதம்தான், ஆனால் இதிலுள்ள வரிகள் எல்லாம் வழக்கமாக வருபவை.

நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. ஆண்டுக்கு ரூ.4,20,000, அதாவது மாதம் 35,000. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, மருத்துவக் காப்பீடு 200 போக கிராஸ் சம்பளம் 33,000. அதற்குள் பேசிக் 18,000. சேரும் நாள் ஜூலை 1. முதல் மூன்று மாதம் பயிற்சி. ப்ரொபேஷன் ஆறு மாதம். அதன்பின் நோட்டீஸ் 90 நாள். விலகிய பிறகு 12 மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது. பயிற்சி முடிந்த நாளிலிருந்து 24 மாதம் வேலை செய்ய வேண்டும், தவறினால் ரூ.2,00,000.

முழுக் காகிதமும் முதலில் கைக்கு வரட்டும்

பல இடங்களில் ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம்தான் இருக்கும். சேரும் நாளன்று காலையில், பேங்க் படிவத்தோடும் அடையாள அட்டைப் படிவத்தோடும் சேர்த்து, பன்னிரண்டு பக்க ‘சர்வீஸ் அக்ரிமென்ட்’ ஒன்றை மேசையில் வைப்பார்கள். பாண்டு அதில்தான் இருக்கும். அதற்குள் நீங்கள் பழைய வேலையை விட்டிருப்பீர்கள், அல்லது மற்ற ஆஃபர்களுக்கு மறுப்புச் சொல்லியிருப்பீர்கள். அன்றைக்கு அதைப் படித்து என்ன செய்ய முடியும்?

ஆகவே ஆஃபர் வந்த அன்றே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் மாதிரி, சேரும் நாளில் கையெழுத்திட வேண்டிய மற்ற ஒப்பந்தங்கள், கடிதத்தில் ‘கம்பெனி பாலிசிப்படி’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அந்தந்த பாலிசி ஆகிய மூன்றையும் பி.டி.எஃப். ஆகக் கேளுங்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ‘நோட்டீஸ் காலம் பாலிசிப்படி, பாலிசி அவ்வப்போது மாற்றப்படலாம்’ என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் பார்க்காத, நாளை மாறக்கூடிய ஒரு காகிதத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

ப்ரொபேஷன்: ஆறு மாதம் முடிந்ததும் என்ன நடக்கும்?

காலத்தின் நீளத்தைவிட அது எப்படி முடிகிறது என்பதே முக்கியம். ‘ஆறு மாதம் முடிந்ததும் தானாக கன்ஃபர்ம் ஆகும்’ என்று இருந்தால் சிக்கல் இல்லை. ‘எழுத்துமூலம் கன்ஃபர்ம் செய்யும்வரை ப்ரொபேஷன் தொடரும்’ என்று இருந்தால், அந்தக் கடிதம் வராதவரை ஏழாவது மாதமும் பத்தாவது மாதமும் நீங்கள் ப்ரொபேஷனில்தான் இருப்பீர்கள். நீட்டிப்புக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘அதிகபட்சம் இன்னொரு மூன்று மாதம்’ என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, ப்ரொபேஷன் காலத்து நோட்டீஸ். நிறுவனம் அனுப்பினால் 15 நாள், நீங்கள் விலகினால் 30 நாள் என்று இரண்டு அளவு இருப்பது சகஜம். ‘எந்த நோட்டீஸும் இல்லாமல் உடனடியாக’ என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, தொடர்ச்சியாக ஆறு மாதம் வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் அனுப்ப முடியாது. விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, புதிதாகச் சேருபவருக்குப் பொருந்தும். அந்தப் பிரிவு ஆறு மாத வேலையைத்தான் கணக்கில் எடுக்கிறது. கன்ஃபர்மேஷன் கடிதம் வந்ததா என்று அது கேட்பதில்லை.

நோட்டீஸ்: ஒரு நாளின் விலை என்ன?

90 நாள் என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவதை விட, அதற்குப் பிறகு வரும் வாக்கியத்தைப் படியுங்கள். ‘90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்’ என்று இருந்தால், பணம் கட்டிவிட்டு முன்னதாக விலகும் வழி உங்களுக்கு இருக்கிறது. இதைத்தான் பை-அவுட் என்கிறார்கள். ‘ஈடான சம்பளத்தை ஏற்பது கம்பெனியின் சோல் டிஸ்கிரீஷன்’, அதாவது கம்பெனியின் விருப்பம் மட்டுமே என்று இருந்தால், அந்த வழியின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. நீங்கள் பணம் தரத் தயாராக இருந்தாலும் 90 நாளும் இருந்தே ஆகவேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும்படி இந்திய நீதிமன்றங்கள் உத்தரவிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் வாசலில் நிற்கும்போது அந்த உண்மை அவ்வளவாக உதவாது.

இனி ‘சம்பளம்’ என்ற சொல். எந்தச் சம்பளம்? மாதிரிக் கடிதத்தில் உள்ளவர் 30 நாள் மட்டும் வேலை செய்து, மீதி 60 நாளுக்குப் பணம் கட்டுகிறார் என்று வையுங்கள். பேசிக் 18,000 என்றால் ஒரு நாளுக்கு 600, மொத்தம் 36,000. கிராஸ் 33,000 என்றால் ஒரு நாளுக்கு 1,100, மொத்தம் 66,000. சி.டி.சி. கணக்கில் 70,000. ஒரே ஒரு சொல்லால் 34,000 ரூபாய் வித்தியாசம். கடிதத்தில் வெறும் ‘சாலரி’ என்று இருந்தால், எதை வைத்துக் கணக்கிடுவார்கள் என்று மெயிலில் கேட்டு பதிலை வாங்கி வையுங்கள்.

மீதமிருக்கும் விடுப்பை நோட்டீஸ் நாட்களில் கழித்துக்கொள்ள முடியுமா, நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் நீளுமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடலாம். இன்னொரு விஷயம்: கடைசிக் கணக்கு முடிக்கும்போது நோட்டீஸ் பிடித்தத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்துப் போட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நோட்டீஸ் பணத்துக்கும் பாண்டு தொகைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கையில் மத்திய அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது.

நான்-கம்பீட்: பயம் அதிகம், பலம் குறைவு

படிப்பவரை அதிகம் மிரட்டும் வரி இது. விலகிய பின்னும் உங்களைக் கட்டுப்படுத்தும் அளவில், நான்கில் பலம் குறைந்ததும் இதுவே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு 12 மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் வரை ஏற்பதில்லை. காலம் குறைவு, ஒரு ஊருக்கு மட்டும்தான் என்றெல்லாம் நியாயம் சொன்னாலும் அந்தத் தடைக்கு உயிர் வராது.

ஆனால் வேலையில் இருக்கும்போது நிலைமை வேறு. சனி, ஞாயிறில் வேறொரு நிறுவனத்துக்கு வேலை செய்வதைத் தடுக்கும் வரி செல்லும். ரகசியக் காப்பு வரி விலகிய பிறகும் செல்லும். சோர்ஸ் கோடையோ வாடிக்கையாளர் பட்டியலையோ எடுத்துப் போனால் 27ஆம் பிரிவு காப்பாற்றாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு. டயர் கார்டு நூல் தயாரிக்கும் ஆலையில் ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். காலம் முடிவதற்கு முன்பே விலகி, கூடுதல் சம்பளத்துக்குப் போட்டி ஆலையில் சேர்ந்தார். ஒப்பந்தத்தில் மீதமிருந்த காலத்துக்கு அதே மாதிரி வேலையைப் போட்டி ஆலையில் செய்யக்கூடாது என்ற தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. காரணம், அந்த ஐந்து ஆண்டும் ‘வேலைக் காலம்’ என்றே ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. ஆக, உங்கள் பாண்டில் ‘24 மாதத்துக்கு முன் விலகினால் இவ்வளவு தொகை’ என்று இருப்பதும், ‘இந்த ஒப்பந்தத்தின் காலம் 24 மாதம், அந்தக் காலம் முழுவதும் வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது’ என்று இருப்பதும் ஒன்றல்ல. முதலாவது பணத்தோடு முடிகிறது. இரண்டாவதில் பலமில்லாத நான்-கம்பீட் வரிக்கு பாண்டு முதுகெலும்பு கொடுக்கிறது. ‘டெர்ம்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

சர்வீஸ் பாண்டு: பொறுமையாகப் படிக்க வேண்டிய பக்கம்

‘பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடு’ என்று சீனியர் அண்ணன்கள் சொல்வார்கள். ‘போட்டால் இரண்டு லட்சம் கட்டியே ஆகணும்’ என்று எச்.ஆர். சொல்வார். இரண்டுமே முழு உண்மை அல்ல.

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுதான் இதற்கு அளவுகோல். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். 2011இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு இதைக் கணக்காகவே காட்டுகிறது. மூன்று ஆண்டு பாண்டு, மீறினால் இரண்டு லட்சம். ஊழியர் ஏறக்குறைய இரண்டு ஆண்டில் விலகினார். நிறுவனம் அவர் பயிற்சிக்கு உண்மையில் செலவழித்தது சுமார் ரூ.67,600. கடைசியில் அவர் கட்ட வேண்டியிருந்தது ரூ.22,532. செலவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது வேலை செய்யாமல் விட்ட காலத்துக்கான பங்கு.

இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஊழியர் மூத்த மேலாளர் பதவியில் இருந்தார், நல்ல சம்பளம் வாங்கினார். பொதுத்துறை வங்கி என்பதால் ஒருவர் பாதியில் போனால் மறுபடி விளம்பரம், தேர்வு என்று வெளிப்படையான நியமனத்தை முதலிலிருந்து நடத்தியாக வேண்டும். அந்தச் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம், மூத்த ஊழியர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததற்கு அதே இரண்டு லட்சம் கேட்டால் நிலைமை வேறு. ஆனால் அது நீதிமன்றம் போனால்தான் தெரியும். அதற்கு முன்பே தொகையைக் குறைக்கும் வழி கையெழுத்துக்கு முன் மட்டும்தான் இருக்கிறது.

கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். நம் மாதிரிக் கடிதத்தில் பயிற்சி செப்டம்பர் 30இல் முடிகிறது, 24 மாதம் அக்டோபர் 1 முதல்தான் எண்ணப்படும். ‘ரெண்டு வருஷ பாண்டு’ என்று நினைத்தவர் உண்மையில் இரண்டே கால் வருடம் கட்டுப்பட்டிருக்கிறார். பயிற்சி முடிந்தது என்று நிறுவனம் சான்று தந்த நாளிலிருந்து என்று இருந்தால் அது இன்னும் தள்ளிப் போகலாம்.

அடுத்து, தொகை மாதாமாதம் குறைகிறதா? வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில் என்று பொருள்படும் ‘ப்ரோ-ரேட்டா’ என்ற சொல் இருந்தால் குறையும். இல்லையென்றால் 23ஆம் மாதம் விலகினாலும் இரண்டு லட்சம் கேட்பார்கள்.

மூன்றாவதாக, நிறுவனமே அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? ‘எந்தக் காரணத்தினாலும் வேலை முடிவுக்கு வந்தால்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், ப்ரொபேஷனின் ஐந்தாவது மாதம் ‘பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை’ என்று அனுப்பப்பட்டவரிடமும் தொகையைக் கேட்க இடம் இருக்கிறது. ஆட்குறைப்புக்கும் அதே கதிதான். இந்த ஒரு வரிக்காக மட்டும் வாதாடுங்கள், மற்றதில் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. ‘ஊழியர் தானாக விலகினால் மட்டும்’ என்ற திருத்தத்தை நியாயமான நிறுவனம் மறுக்காது. மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு தகவல்.

அதே நாள், இரண்டு கணக்கு

மாதிரிக் கடிதத்தில் உள்ளவர் ஆகஸ்ட் 31 அன்று ராஜினாமா கொடுத்து, செப்டம்பர் 30 அன்று விலகுகிறார் என்று வையுங்கள். சேர்ந்து 15 மாதம் ஆகிறது. பாண்டு கணக்கில் 24இல் 12 மாதம் முடிந்திருக்கிறது.

கடிதம் வந்தபடியே கையெழுத்திட்டிருந்தால், கிராஸ் கணக்கில் 60 நாள் நோட்டீஸ் 66,000, பாண்டு 2,00,000, ஆக மொத்தம் 2,66,000 கேட்பார்கள். நோட்டீஸ் பேசிக் கணக்கிலும், பாண்டு ப்ரோ-ரேட்டாவிலும் இருந்தால் 36,000, 1,00,000, மொத்தம் 1,36,000. அதே வேலை, அதே சம்பளம், அதே நாள். இடையில் நிற்பது 1,30,000 ரூபாய், ஏறக்குறைய நான்கு மாத கிராஸ் சம்பளம். உங்கள் கடிதத்துக்கும் இப்படி ஐந்தாவது மாதம், பதினைந்தாவது மாதம், இருபத்துமூன்றாவது மாதம் என்று மூன்று தேதிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு எங்கே நின்றுவிடுகிறதோ, அங்கே கடிதம் தெளிவாக இல்லை என்று பொருள். எச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பாண்டோடு சேர்த்துக் கேட்பவை

காகிதத்தைவிட ஆபத்தானது செக். தொகையோ தேதியோ எழுதாமல் கையெழுத்திட்ட செக்கை ‘செக்யூரிட்டிக்காக’ என்று வாங்குவார்கள். நீங்கள் விலகியதும் அதை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால், நெகோஷியபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு வரும். கடன் எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நிறுவனம் தன் செலவை நிரூபிக்க வேண்டிய விஷயம் இப்படித் தலைகீழாகிவிடுகிறது. செக் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் வேலை இல்லை என்றால், கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அசல் சான்றிதழ்களையும் கொடுக்காதீர்கள். அசலைக் காட்டிச் சரிபார்க்கச் செய்து, நகலில் நீங்களே சான்றொப்பமிட்டுக் கொடுத்தால் எந்தச் சரிபார்ப்புக்கும் போதும்.

அப்பாவையோ மாமாவையோ ‘ஷ்யூரிட்டி’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். சாட்சி என்று நினைத்து அவர்களும் போட்டுவிடுவார்கள். சாட்சிக்குப் பொறுப்பு இல்லை. ஜாமீன்தாரருக்கு உங்களுக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. நோட்டீஸ் வீட்டு முகவரிக்கு அவர் பெயரிலும் வரும். அந்த இடத்தை ‘விட்னஸ்’ என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

முத்திரைத்தாள் 20 ரூபாய்தான், அதனால் செல்லாது என்று நம்பியும் கையெழுத்திட வேண்டாம். குறைவாக முத்திரையிட்ட காகிதத்துக்குத் தீர்வையும் அபராதமும் கட்டி நீதிமன்றத்தில் ஏற்கச் செய்ய முடியும். கடைசிப் பக்கத்தில் ‘மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்பது போல ஒரு வரி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தங்களில் அத்தகைய வரி செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மதுரையில் வேலை பார்த்தாலும் வழக்கு மும்பையில்தான்.

எப்படிக் கேட்பது, எப்படிக் கையெழுத்திடுவது

கேம்பஸில் நூறு பேரை எடுக்கும் நிறுவனம் ஒருவருக்காக ஒப்பந்தத்தைத் திருத்தாது. ஆனால் சந்தேகத்துக்கு விளக்கம் தரும். ‘நான் புரிந்துகொண்டது சரியா?’ என்ற தோரணையில் கேளுங்கள்: நோட்டீஸ் பணம் பேசிக்கிலா கிராஸிலா, பாண்டு ப்ரோ-ரேட்டாவா, நிறுவனம் அனுப்பினால் பாண்டு உண்டா. மூன்று கேள்வி போதும். போனில் பதில் சொன்னால், ‘நீங்கள் இன்று போனில் சொன்னபடி’ என்று தொடங்கி அதையே எழுதி மெயில் அனுப்பி, உறுதி செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலேயே ‘இதுதான் முழு ஒப்பந்தம், முன்பு பேசியது எதுவும் செல்லாது’ என்று ஒரு வரி இருந்தால், மெயில் மட்டும் போதாது. அந்த விளக்கத்தை இணைப்பாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

கையெழுத்திடும்போது நிரப்பாத கட்டம் எதுவும் இருக்கக்கூடாது. தேதி, தொகை, பயிற்சியின் பெயர் எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாத இடத்தில் கோடு போட்டு அடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் போடுங்கள். நிறுவனத்தின் கையெழுத்தும் உள்ள பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதையும் மெயில்களையும் உங்கள் சொந்த மெயிலில் வையுங்கள், ஏனென்றால் அலுவலக மெயில் கடைசி நாள் மாலையே பூட்டப்பட்டுவிடும். பிறகு நிறுவனம் விலகல் தேதியைப் பதியாமல் இழுத்தடித்தாலும், கடைசி பி.எஃப். கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் `Manage` பட்டியலுக்குள் `Mark Exit` போய் நீங்களே பதிந்துகொள்ளலாம். அதற்கு உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என்.னில் ஆதாரும் அதோடு இணைந்த கைபேசி எண்ணும் சரியாக இருக்க வேண்டும். சேரும் வாரத்திலேயே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.